பதிவுகளுக்கு முன்னால் முடிவுகளைத் திட்டமிடுங்கள்

கேள்வி: ஆரணியில் என் மாமனாருக்கு 6 பட்டுத்தறி இருக்கிறது. வேலூரில் சின்னதாக ஒரு சேலைக்கடை. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் மூன்றையும் நான்தான் பார்க்கிறேன். தினமும் ஒரு பதிவு போடுகிறேன். மாதம் சுமார் 40 பேர் விலை கேட்கிறார்கள், 5 அல்லது 6 சேலை போகிறது. மாமா மாதம் தவறாமல் “இதனால என்ன வந்துச்சு?” என்று கேட்கிறார். வருடத்துக்கு ஒரு திட்டம் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பண்டிகை, தலைப்பு எல்லாம் எழுதிவிட்டேன். ஆனால் அப்படி உட்காரும்போது எதைப் பார்ப்பது, எதை வைத்து முடிவெடுப்பது என்பதுதான் புரியவில்லை.
— ஒரு வாசகி, வேலூர்

பதில்: பண்டிகையையும் தலைப்பையும் எழுதி முடித்துவிட்டீர்கள் என்றால் சுலபமான பாதி முடிந்தது. மிச்சப் பாதி, ஒவ்வொரு காலாண்டு தொடங்கும்போதே “இந்த எண் இதற்குக் கீழே போனால் இதைச் செய்வோம்” என்று எழுதி, மாமாவையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு வைப்பது. பெரும்பாலான கடைகளில் இதைச் செய்வதில்லை. மூன்று மாதம் கழித்து உட்கார்ந்து எண்களைப் பார்த்தால், நன்றாக இருப்பது கண்ணில் படும், மோசமாக இருப்பதற்கு ஒரு காரணம் கிடைக்கும். மழை, தேர்தல், பக்கத்துக் கடைத் தள்ளுபடி என்று ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்யும். முடிவு மட்டும் வராது.

முதலில் காலாண்டை எங்கே வெட்டுவது என்று பார்ப்போம். ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் முதல் ஜூன் என்று ஆடிட்டருக்கு வெட்டுவதுபோல் வெட்டாதீர்கள். பட்டுச்சேலை வியாபாரம் முகூர்த்தத்தோடு நகர்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, நம் பக்கத்தில் பல வீடுகளில் புரட்டாசியிலும் வைப்பதில்லை. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரை ஒரே காலாண்டாக எடுத்தால் ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி நான்கும் அதற்குள் கலந்து கிடக்கும். அந்தச் சராசரியிலிருந்து ஒன்றும் தெரியாது.

அதனால் கடையில் கூட்டம் குறைந்திருக்கும் நாட்களைப் பார்த்து அங்கே பரிசீலனையை வையுங்கள், அந்த நாட்களே காலாண்டின் எல்லையாக இருக்கட்டும். உங்களுக்கு நான் சொல்வது இந்த நான்கு: பங்குனி நடு, ஆனிக் கடைசி, புரட்டாசி முதல் வாரம், மார்கழி. ஒன்று 11 வாரம் வரும், ஒன்று 14 வாரம் வரும். பரவாயில்லை, எண்களை வாரக் கணக்காக்கிப் பார்த்தால் போதும். புரட்டாசியில் முதல் வாரம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் தீபாவளி. 2025இல் தீபாவளி அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. சீக்கிரம் வருகிற வருடம் புரட்டாசி நடுவிலேயே தீபாவளிக் கூட்டம் தொடங்கிவிடும், அப்புறம் உட்கார நேரம் இருக்காது.

இதே தேதி விவகாரம் இன்னொரு இடத்திலும் காலை வாரும். போன வருட அக்டோபரோடு இந்த வருட அக்டோபரை ஒப்பிட்டுப் பார்த்து, விசாரணை பாதியாகக் குறைந்துவிட்டது என்று பதறிப்போய்ப் பணம் செலவழித்து விளம்பரம் போடுபவர்கள் உண்டு. தீபாவளி 19 நாள் தள்ளிப் போனதுதான் அங்கே நடந்தது. தீபாவளிக்கு 6 வாரம் முன்பு, 5 வாரம் முன்பு என்று பின்னோக்கி எண்ணி, அந்த வாரத்தை அந்த வாரத்தோடு ஒப்பிடுங்கள். போன காலாண்டோடு ஒப்பிடுவதும் உங்கள் தொழிலில் வீண். போன வருடம் இதே பருவத்தில் என்ன நடந்தது என்பதுதான் சரியான ஒப்பீடு.

சரி, எந்த எண்ணைப் பார்ப்பது? விருப்பக்குறியும் பின்தொடர்பவர் எண்ணிக்கையும் வேண்டாம். விற்பனையை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால், மாதம் 5, 6 சேலைதான் போகிறது. ஒரு மாதம் 4, அடுத்த மாதம் 7 என்றால் அது முன்னேற்றமாகவும் இருக்கலாம், ஒரே வீட்டில் அக்கா தங்கை மூன்று பேர் எடுத்ததாகவும் இருக்கலாம். அத்தனை சின்ன எண்ணில் வித்தியாசம் தேடக்கூடாது. விலை கேட்டு வருகிறவர்கள் ஒரு காலாண்டுக்கு 100 பேருக்கு மேல் இருப்பார்கள். அதை அடிப்படையாக வையுங்கள், விற்பனையைப் பக்கத்தில் எழுதி வாருங்கள்.

அடுத்த சிக்கல், அந்த 100 பேரும் எதைப் பார்த்து வந்தார்கள் என்பது. “எங்க பார்த்தீங்க?” என்று கேட்டால் பாதிப் பேர் “ஃபோன்ல” என்பார்கள். ஆனால் சேலை வாங்குகிறவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இது இருக்கா, என்ன விலை?” என்று கேட்பார்கள். இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழ் மூலையிலும் சின்னதாக ஓர் அடையாள எண் போடுங்கள். தறியையும் நெசவையும் காட்டுகிற பதிவு என்றால் த 1, த 2. சேலையைக் காட்டுகிற பதிவு என்றால் ச 1, ச 2. காணொளி என்றால் முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை எண் தெரிய வேண்டும், ஏனென்றால் எந்த இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், அதில் போடுகிற படத்துக்கும் எண் இருக்கட்டும்.

கடையில் ஒரு 80 பக்க நோட்டு போதும். தேதி, எண், ஊர், கேட்ட நிறம், வாங்கினாரா. ஐந்தே கட்டம். எக்செல் தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மாமாவும் எழுதக்கூடியதாக இருப்பது முக்கியம். ஊர் எதற்கு என்றால், ஒரு ரீல் திடீரென்று லட்சக்கணக்கில் ஓடும், விசாரணை கொட்டும், எல்லாம் வடக்கேயிருந்து வந்திருக்கும், ஒன்றும் விற்றிருக்காது. அப்படி ஒன்று வந்தால் அந்தப் பதிவைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியைக் கூட்டிப் பாருங்கள். அது இல்லாமலும் எண்கள் நன்றாக இருந்தால்தான் அந்தக் காலாண்டு நன்றாகப் போயிருக்கிறது என்று பொருள்.

தினமும் ஒரு பதிவை விட்டுவிடுங்கள். வாரம் 3 போதும். 6 தறியில் நெய்கிற சேலைகளை வைத்து மாதம் 30 பதிவு போட்டால் ஒரே சேலை மூன்று கோணத்தில் வந்துகொண்டிருக்கும். தலைப்பும் நாளுக்கொன்றாக வேண்டாம், காலாண்டுக்கு ஒன்று. திங்கள் நெசவு, செவ்வாய் வாசகம் என்று பிரித்துவைப்பது போடுகிறவருக்கு வசதி, வாங்குகிறவருக்கு அதனால் ஒன்றுமில்லை. அந்தப் பருவத்தில் அவர் மனதில் இருக்கிற கேள்விதான் தலைப்பு. மார்கழியிலிருந்து பங்குனிவரை தை, மாசி முகூர்த்தம், “என் பட்ஜெட்டுக்குள் என்ன கிடைக்கும்” என்பது. அடுத்தது சித்திரை, வைகாசிக் கல்யாணம், வீட்டிலுள்ள எல்லோருக்கும் சேர்த்து எடுப்பது. புரட்டாசிக்கு மேல் தீபாவளி, எடை குறைந்த சேலை. குடியாத்தம் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள், ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள் போன்றவற்றை நாட்காட்டியில் ஒருமுறை குறித்துவிட்டு மறந்துவிடலாம்.

ஆனிக் கடைசியிலிருந்து புரட்டாசிவரையிலான 11 வாரத்தை மட்டும் முழுதாகப் போட்டுப் பார்ப்போம், மற்ற மூன்றும் இதே மாதிரிதான். ஆடி முழுக்கப் பெரிய கடைகள் தள்ளுபடி என்று கூவிக்கொண்டிருக்கும். அந்தப் போட்டியில் நீங்கள் ஜெயிக்க முடியாது, இறங்கவும் வேண்டாம். ஆவணிக் கல்யாணக்காரர்கள் அந்த நேரத்தில்தான் பார்த்து வைப்பார்கள். அவர்கள் மனதில் இருக்கும் கேள்வி, “இது நிஜமாகவே கைத்தறியா, பட்டா?” என்பது. அதுதான் காலாண்டின் தலைப்பு. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, பட்டுக்கு சில்க் மார்க் இருக்கிறது, உங்களுக்குச் சொந்தத் தறியே இருக்கிறது. வாரம் 3 என்றால் 33 பதிவு. அதில் 11 தறிப் பதிவு, 22 சேலைப் பதிவு.

இப்போது முடிவுத்தாள். ஒரே பக்கம். ஆனிக் கடைசியில் உட்கார்ந்து எழுத வேண்டியது:

“தறிப் பதிவு: 11 வாரத்தில் 20 விசாரணைக்குக் கீழே வந்தால் வாரம் ஒன்று என்பதை இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் குறைப்போம். 20க்கு மேல் என்றால் அப்படியே தொடர்வோம்.
விளம்பரம்: 3,000 ரூபாய்க்கு ஒருமுறை சோதனை. 33 விசாரணைக்குக் கீழே என்றால் இந்த வருடம் விளம்பரம் இல்லை.
பாவு: ஒரே நிறத்தை 15 வேறு வேறு ஆட்கள் கேட்டால் ஒரு தறியில் அடுத்த பாவு அந்த நிறம்.
முடிவு நாள்: புரட்டாசி முதல் வாரம். கையெழுத்து: மாமா, நான்.”

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் எண்களை நீங்கள் போட முடியாது. மாதம் 40 பேர் கேட்கிறார்கள் என்றால் 11 வாரத்தில் ஏறத்தாழ 100. தறிப் பதிவு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. விலை கேட்க வைப்பது அதன் முதல் வேலை இல்லை என்பதால் மூன்றில் ஒரு பங்கு விசாரணை கேட்காமல் ஐந்தில் ஒரு பங்கு கேட்கிறேன். அதுதான் 20.

விளம்பரக் கணக்கு இப்படி. உங்களிடம் 8 பேர் விலை கேட்டால் ஒருவர் வாங்குகிறார். ஒரு சேலையில் கூலி, நூல், சரிகை, கடைச் செலவு எல்லாம் போக 1,500 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம், சரியான எண் மாமாவுக்குத் தெரியும். 1,500ஐ 8ஆல் வகுத்தால் ஒரு விசாரணையின் மதிப்பு 187 ரூபாய் சொச்சம். முழுவதையும் விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டால் லாபம் எங்கே? பாதிதான் கொடுப்பேன், சுமார் 90 ரூபாய். 3,000க்கு 33 விசாரணை வந்தாக வேண்டும். அழுத்தினால் நேரே வாட்ஸ்அப்புக்கு வருகிற வகை விளம்பரத்தை எடுங்கள், அப்போதுதான் எண்ணுவது எளிது. அந்தப் படத்துக்கு வி 1 என்று தனி எண். விளம்பரத்தைப் பார்த்து வருகிறவர்கள் தானாகத் தேடி வருகிறவர்களைவிடக் குறைவாகத்தான் வாங்குவார்கள். அதனால் 33ஐத் தாண்டினாலும் உடனே அடுத்த 3,000 போடாதீர்கள். கேட்டவர்கள் வீட்டில் பேசி முடிவெடுக்க மூன்று வாரம் விட்டு, எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பார்த்து, 8க்கு ஒன்று என்பது நிற்கிறதா என்று கணக்கை மறுபடி போடுங்கள்.

பாவு விஷயம்தான் மாமாவின் கேள்விக்கு நேரடியான பதில். ஒரு பதிவு தவறினால் நஷ்டம் அரை மணி நேரம். தவறான நிறத்தில் பாவு ஏற்றினால் அந்தப் பாவில் வருகிற சேலைகள் அத்தனையும் அலமாரியில் தூங்கும், நூலிலும் சாயத்திலும் கூலியிலும் போட்ட பணம் முடங்கும். எந்த நிறத்தை எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கட்டம் நோட்டில் இருப்பது இதற்காகத்தான். இரண்டு எச்சரிக்கை உண்டு. அரக்கு நிறத்தை 6 முறையும் மயில் பச்சையை 2 முறையும் போட்டிருந்தால் அரக்கைத்தான் அதிகம் பேர் கேட்பார்கள், ஆகவே ஒரு பதிவுக்கு எத்தனை பேர் என்று வகுத்துப் பாருங்கள். அப்புறம் கடை விளக்கு வெளிச்சத்தில் எடுத்த பட்டு கைப்பேசியில் வேறு நிறமாகத் தெரியும், சரிகை வெளுத்துப்போகும். காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் எடுத்த படத்துக்கு வந்த விசாரணையைத்தான் நிறத்துக்கு ஆதாரமாக நான் எடுத்துக்கொள்வேன்.

புரட்டாசி வந்துவிட்டது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். நோட்டில் 100 விசாரணை. ச எண்ணோடு வந்தவை 58, த எண்ணோடு 14, எண் இல்லாமல் வந்தவை 28. தறிப் பதிவு 20ஐத் தொடவில்லை. ஆனால் வாங்கினவர்களைப் பார்த்தால், ச வழியாக வந்த 58 பேரில் 6 பேர், த வழியாக வந்த 14 பேரில் 4 பேர். இங்கேதான் சண்டை வரும். நீங்கள் “தறியைப் பார்த்து வந்தவங்கதானே வாங்குறாங்க, அதை ஏன் குறைக்கணும்?” என்பீர்கள், உங்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் எழுதினபடி குறைத்துவிடுங்கள். 4 பேர் என்பது இன்னும் சின்ன எண், இரண்டு பேர் மாறியிருந்தால் கதையே வேறு. நீங்கள் கண்டுபிடித்ததை அடுத்த தாளின் முதல் வரியாக எழுதுங்கள்: “தறிப் பதிவு வழியாக வருகிறவர்களில் 5க்கு ஒருவர் வாங்கினால், மார்கழியில் அதை மறுபடி வாரம் ஒன்றாக்குவோம்.” கூட்டத்தில் வைத்து விதியைத் திருத்தத் தொடங்கினால் அடுத்த முறையிலிருந்து அந்தத் தாளுக்கு மதிப்பு இருக்காது. விதி தவறு என்று தெரிந்தாலும் அடுத்த காலாண்டிலிருந்துதான் திருத்தம்.

காலாண்டின் நடுவில் எதையும் தொடக்கூடாது, ஒரே ஒரு விலக்கு விளம்பரப் பணம். 1,500 ரூபாய் செலவான பிறகும் 8 விசாரணைகூட வரவில்லை என்றால் அன்றே நிறுத்திவிடுங்கள். மற்றபடி தொட்டால் எல்லா எண்ணையும் கெடுக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது: படத்தில் விலை போடுவது. விலை போடாத படத்துக்குச் சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறவர்களும் வருவார்கள். விலை போட்டால் விசாரணை சட்டென்று குறையும், ஆனால் வருகிறவர்களில் வாங்குகிறவர்கள் அதிகமாவார்கள். இரண்டில் எதைச் செய்தாலும் சரி, நடுவில் மாற்றினால் 20, 33, 15 எல்லாம் அர்த்தமிழந்துவிடும். நான் விலை போடுகிற கட்சி. ஆனால் அதை ஒரு காலாண்டின் முதல் நாளில் தொடங்கி, அன்றே விதிகளின் எண்களையும் குறைத்து எழுதுங்கள்.

பரிசீலனைக்கு ஒன்றரை மணி நேரம் போதும். போன தாளை முதலில் சத்தமாகப் படியுங்கள், அடுத்து நோட்டைக் கூட்டுங்கள், அடுத்து முடிவுகள். புது யோசனைகளைக் கடைசியில் வையுங்கள். யோசனையில் தொடங்குகிற கூட்டம் யோசனையிலேயே முடிந்துவிடும்.

மார்கழிக் கூட்டம் மட்டும் கொஞ்சம் பெரிது. ஃபேஸ்புக் வேண்டுமா, யூடியூப் தொடங்கலாமா, படம் எடுக்க ஆள் வைக்கலாமா போன்ற கேள்விகள் எப்போது வந்தாலும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்து, அன்றைக்குத்தான் எடுக்க வேண்டும். நான்கு காலாண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது. உதாரணமாக ஃபேஸ்புக்கை நிறுத்த நினைத்தால், ஒரு காலாண்டு அங்கே போடுகிற படங்களில் மட்டும் எண்ணுக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளியோடு எத்தனை ஸ்கிரீன்ஷாட் வருகிறது என்று எண்ணிவிட்டு வாருங்கள். வாட்ஸ்அப் ஒளிபரப்புப் பட்டியலைப் பற்றி ஒரு குறிப்பு: ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். கடைக்கு வருகிறவர்களிடம் பில் போடும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள்.

ஒப்பிடப் போன வருட எண் இல்லையே என்று தோன்றும். இருக்கிறது. உங்கள் வாட்ஸ்அப்பிலேயே “விலை”, “ரேட்”, “எவ்ளோ” என்று ஒவ்வொன்றாகத் தேடி, போன ஆடி, ஆவணியில் வந்த செய்திகளை வாரவாரியாக எண்ணுங்கள். ஒரே ஆள் நான்கு முறை கேட்டிருந்தால் ஒன்றாகத்தான் கணக்கு. ஆங்கில எழுத்தில் தட்டியவர்களையும் விட்டுவிடாமல் தேடுங்கள், நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் அனுப்புகிறார்கள். ஒரு மத்தியான வேலை. அந்த எண் கையில் வந்தபிறகு 20ஐயும் 15ஐயும் உங்கள் கடைக்குத் தக்கபடி மாற்றி எழுதி, மாமாவிடம் கையெழுத்து வாங்குங்கள்.